மூன்று நாள் விற்பனை, பதினேழு நாள் கணக்கு

சில மணி நேரமோ ஓரிரு நாளோ மட்டும் நீடிக்கும்படி, முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, விலையைக் கணிசமாகக் குறைத்து இணையத்தில் நடத்தப்படும் விற்பனைக்கு பிளாஷ் சேல் என்று பெயர். ஆடித் தள்ளுபடி ஒரு மாதம் ஓடும். பிளாஷ் சேல் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும். வாங்க நினைத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவரை அந்தக் குறுகிய காலத்துக்குள் முடிவெடுக்க வைப்பதுதான் இதன் நோக்கம்.

இந்தியாவில் இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது 2014இல். அந்த ஆண்டு ஜூலையில் ஷாவ்மி நிறுவனத்தின் மி 3 கைப்பேசி ஃபிளிப்கார்ட் தளத்தில் இப்படித்தான் விற்பனைக்கு வந்தது. சரக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அக்டோபர் 6ஆம் தேதி ஃபிளிப்கார்ட் ‘பிக் பில்லியன் டே’ நடத்தியது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் அன்று தளம் முடங்கியது, பொருட்கள் நிமிடங்களில் தீர்ந்தன, விலைகள் மாறின. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டார்கள். சரக்கும் சர்வரும் போதாமல் விற்பனை கெடுவதை அன்று நாடே பார்த்தது. சிறு கடைகளின் விற்பனை பெரும்பாலும் அப்படிக் கெடுவதில்லை. அவர்களுக்கு அந்த மூன்று நாளும் நன்றாகவே போகும். அடுத்த பத்து நாளில்தான் லாபம் கரையும். கரைவது கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கணக்கைப் பார்க்க ஒரு கற்பனைக் கடை போதும். ஈரோடு பக்கம் பருத்திப் படுக்கை விரிப்புகளை நெய்து வாங்கி இணையத்தில் விற்கும் சிறு கடை அது. ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பு 1,500 ரூபாய். துணி, தையல், பெட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து அடக்கம் 900. விளம்பரத்துக்கு முன் மிச்சம் 600. நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு கூகுளிலும் மெட்டாவிலும் விளம்பரம் செய்கிறது. ஒரு கிளிக் 5 ரூபாய் வீதம் 1,000 பேர் வருகிறார்கள். நூற்றுக்கு இருவர் வாங்குகிறார்கள். ஆகவே தினமும் 20 ஆர்டர். மிச்சம் 12,000, விளம்பரச் செலவு போக 7,000. இதுதான் அடிப்படை. விற்பனையின் ஒவ்வொரு நாளையும் இந்த 7,000 ரூபாயோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது 20 சதவீதம் தள்ளுபடி என்று முடிவாகிறது. விலை 1,200 ஆகிறது, அடக்கம் மாறவில்லை. மிச்சம் 600இலிருந்து 300க்கு வந்துவிட்டது. விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் லாபத்தில் பாதி போகிறது. 25 சதவீதம் கொடுத்தால் மிச்சம் 225தான். வழக்கமாக ஓர் ஆர்டரைப் பிடிக்க ஆகும் விளம்பரச் செலவே 250 என்பதால் அதுகூடத் தேறாது. தள்ளுபடியின் அளவைப் போட்டிக் கடையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். விளம்பரத்தில் எதை எழுதுவது என்ற பேச்சுக்கு முன்பே இந்த ஒரு கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

விற்பனை நாட்களில் நூற்றுக்கு ஐவர் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டால், கிளிக் விலை 7 ரூபாய்க்கு ஏறினாலும் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 140தான். 300இல் 140 போக 160 மிஞ்சும். வழக்கமான 7,000 ரூபாயை எட்டவே நாளுக்கு 44 ஆர்டர் வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் ஆதாயம். இந்தக் கடை மூன்று நாளில் 360 ஆர்டரை எதிர்பார்க்கிறது. அதற்குரிய விளம்பரத் தொகை சுமார் 50,000 ரூபாய்.

தொகை தெரிந்தபின், அதை எப்போது கொட்டுவது என்ற கேள்வி வருகிறது. மூன்று நாளுக்கும் சமமாகப் பிரிப்பது எளிது; ஆனால் மக்கள் சமமாக வாங்குவதில்லை. குறுகிய விற்பனைகளில் தொடக்கத்தில் ஒரு கூட்டம் வரும், முடியும் தறுவாயில் இன்னொரு கூட்டம் வரும், நடுவில் தொய்வு இருக்கும். எனவே வெள்ளி 20,000, சனி 10,000, ஞாயிறு 20,000 என்று போடுவதே பொருத்தம். ஞாயிற்றுக்கிழமைத் தொகையில் பெரும்பகுதி மாலை ஆறு மணிக்கு மேல் செலவாகும்படி மிச்சம் வைத்திருக்க வேண்டும். காலையிலேயே பட்ஜெட் தீர்ந்து, எல்லோரும் வாங்க முனையும் இரவு ஒன்பது மணிக்கு விளம்பரம் நின்றுபோன கடைகள் நிறைய.

விளம்பரத் தளங்களின் சொந்த விதிகளும் இங்கே குறுக்கிடும். கூகுள் ஆட்ஸில் தினசரி பட்ஜெட் என்று எழுதுவது உண்மையில் ஒரு சராசரி. தேவை கூடிய நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை செலவழிக்கத் தளத்துக்கு உரிமை உண்டு. மாதக் கணக்கில் 30.4 மடங்குக்குள் நிறுத்திக்கொள்ளும். 20,000 என்று எழுதினால் அன்றைக்கு 40,000 வரை போகலாம் என்று பொருள். விற்பனை நாள் என்பதே தேவை கூடிய நாள்தான். ஆகவே உச்சவரம்பாக 20,000 வேண்டுமென்றால் அதைவிடக் குறைவாக எழுதித் தொடங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு. மெட்டாவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பட்ஜெட்டை உயர்த்தும்படி முன்கூட்டியே அட்டவணை போடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நல்லது. ஏனென்றால் ஞாயிறு நள்ளிரவில் பட்ஜெட்டைப் பழைய நிலைக்கு இறக்க வேண்டியவர் அப்போது பார்சல் கட்டிக்கொண்டிருப்பார். கூகுளிலும் தானியங்கி விதி வைத்து அதே நேரத்தில் இறங்கும்படி செய்துவிடலாம்.

பட்ஜெட்டைத் திடீரென நான்கு மடங்காக்கினால் மெட்டாவின் இயந்திரம் தடுமாறும். ஒரு விளம்பரத் தொகுப்பில் பெரிய மாற்றம் செய்தால் அது மறுபடி ‘கற்கும் நிலை’க்குப் போகும், ஏழு நாளுக்குள் ஏறத்தாழ 50 ஆர்டர் கிடைத்தால்தான் அந்த நிலையிலிருந்து வெளியே வரும். மூன்று நாள் விற்பனையில் அதற்குக் காத்திருக்க நேரமில்லை. இதற்குப் பலர் கையாளும் வழி, விற்பனைக்கென்றே தனித் தொகுப்பை ஐந்தாறு நாள் முன்பே சிறிய தொகையில் ஓடவிடுவது. அப்போது அதற்கு வாங்குபவர் யார் என்று ஓரளவு தெரிந்திருக்கும். இன்னொரு பயனும் உண்டு: வழக்கமாக ஓடும் தொகுப்புகளை யாரும் தொடுவதில்லை, விற்பனை முடிந்தபின் அவை கலையாமல் அப்படியே இருக்கும். இந்த இரண்டாவது பயனின் அருமை விற்பனைக்கு அடுத்த வாரம்தான் தெரியும்.

இனி கவுன்ட் டவுன் விளம்பரம். முடியும் நேரம் நெருங்க நெருங்க, மீதி எவ்வளவு என்று காட்டும் விளம்பரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கூகுள் தேடல் விளம்பரத்தில் இது தானாகவே நடக்கும். தலைப்பு எழுதும் இடத்தில் `{` குறியைத் தட்டினால் கவுன்ட் டவுன் என்ற தேர்வு வரும். முடியும் தேதி, நேரம், எத்தனை நாள் முன்பிருந்து காட்ட வேண்டும், யாருடைய நேர மண்டலம் என்ற விவரங்களைக் கொடுத்தால் போதும். மூன்று நாள், ஐந்து மணி நேரம் என்று எண் தானே குறையும். நேரம் முடிந்ததும் அந்தத் தலைப்பு காட்டப்படாது. அதனால் கவுன்ட் டவுன் இல்லாத தலைப்புகளும் போதிய அளவு எழுதி வைக்க வேண்டும். எல்லாத் தலைப்பிலும் கடிகாரத்தைப் போட்டுவிட்டால், விற்பனை முடிந்த நொடியில் காட்ட எதுவும் இல்லாமல் விளம்பரமே நின்றுவிடும். திங்கட்கிழமை வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

மெட்டாவின் பட விளம்பரம் அப்படிப்பட்டதல்ல. படத்தில் எழுதிய எண் தானாக மாறாது. ‘நாளை முடிகிறது’ என்று எழுதிய படம் நாளையும் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே ஒரே விளம்பரத்தைப் பல கட்டங்களாகச் செய்து, ஒவ்வொன்றும் தொடங்கும், முடியும் நேரத்தை முன்பே பூட்டி வைக்கிறார்கள். முதல் கட்டத்தில் ‘வெள்ளி தொடக்கம்’ என்ற அறிவிப்பும் நினைவூட்டலுக்குப் பதிவு செய்யும் பொத்தானும் இருக்கும். இரண்டாவது கட்டத்தில் எந்த விரிப்பு, என்ன விலை என்பதே பெரிதாக இருக்க வேண்டும். முதல் நாளில் கடிகாரம் யாரையும் அசைக்காது, மூன்று நாள் இருக்கிறதே என்றுதான் தோன்றும். கடைசி நாள் படத்தில்தான் நேரம் முன்னே வரவேண்டும்: ‘ஞாயிறு இரவு 11:59 வரை.’ ‘இரவு 12 வரை’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. சனி இரவா, ஞாயிறு இரவா என்று கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்ல அன்று யாருக்கும் நேரமிருக்காது. விளம்பரங்களை இரு தளங்களும் பரிசீலித்த பிறகே வெளியிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும் என்றாலும் சில நேரம் நீளும். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய படத்தை ஞாயிற்றுக்கிழமை ஏற்றுவது சூதாட்டம்.

மின்னஞ்சலில் ஓடும் கடிகாரம் இன்னொரு சிக்கல். அது உண்மையில் அசையும் ஒரு படம். அஞ்சலைத் திறக்கும்போது சர்வரிலிருந்து எடுக்கப்படுவது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, அந்தரங்கப் பாதுகாப்பு வசதி போட்டிருப்பவர்களுக்கு, அவர்கள் திறப்பதற்கு முன்பே படங்களை இறக்கி வைத்துக்கொள்கிறது. காலையில் இறங்கிய படம் இரவில் திறக்கும்போது இன்னும் பதினாறு மணி நேரம் இருப்பதாகக் காட்டும். எனவே அஞ்சலில் தேதியையும் மணியையும் எழுத்தில் போடுவதே நம்பகமானது.

கடிகாரத்தில் சட்டமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு விதிகளை அறிவித்தது. அந்தப் பட்டியலில் முதலாவது பொய்யான அவசரம் காட்டுவது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம், கிடங்கில் நூறு இருக்க ‘இரண்டே உள்ளன’ என்ற வரி ஆகியவை இந்த வகையில் வரும். ‘வாடிக்கையாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க மேலும் மூன்று நாள்’ என்ற நீட்டிப்பு நம் ஊர்க் கடைவீதிக்குப் பழக்கமானதுதான். பிளாஷ் சேலுக்கு அது நஞ்சு. ஒருமுறை நீட்டித்த கடையின் கடிகாரத்தை அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள். கடைசி இரவின் கூட்டம் வராது. தளத்தில் ஓடும் கடிகாரமும் விளம்பரக் கடிகாரமும் ஒரே நேரத்தில் நிற்கவேண்டும். அந்த நொடியில் விலையும் உண்மையாகவே ஏறவேண்டும்.

கூகுள் ஷாப்பிங்கில் விலை எப்போது இறங்கி எப்போது ஏறும் என்பதைப் பொருள் பட்டியலிலேயே எழுதிவிடலாம். `sale_price_effective_date` என்ற கட்டத்தில் இந்திய நேரத்துடன் இப்படி இருக்கும்:

```
2026-07-17T00:00+0530/2026-07-19T23:59+0530
```

பழைய விலையை அடித்துக் காட்டும் வசதிக்கு கூகுள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: கடந்த 200 நாளில் குறைந்தது 30 நாளாவது அந்தப் பழைய விலையில் பொருள் விற்பனையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய வாரம் 1,900 என்று ஏற்றி இந்த வாரம் 1,200 என்று இறக்குபவர்களை இது வடிகட்டிவிடும்.

விலை குறித்த ஏலத்தை இப்போது பெரும்பாலும் இயந்திரமே நடத்துகிறது. விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வேண்டும் என்ற இலக்கை, அதாவது ரோவாஸ் இலக்கை, கடைக்காரர் கொடுக்கிறார். ஒவ்வொரு கிளிக்குக்கும் எவ்வளவு கேட்பது என்பதை கூகுள் தீர்மானிக்கிறது. கடந்த நாட்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் அதன் முக்கிய ஆதாரம். வெள்ளிக்கிழமை காலையில் அது இன்னும் இரண்டு பேர் கணக்கிலேயே இருக்கும். தயங்கித் தயங்கி ஏலம் கேட்கும். விழித்துக்கொள்வதற்குள் முதல் நாள் போய்விடும். இதற்காகவே பருவத் திருத்தம் என்ற வசதி கூகுளில் உள்ளது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வாங்குவோர் விகிதம் இவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒன்று முதல் ஏழு நாள் வரையான நிகழ்வுக்கே இது ஏற்றது. இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படாது.

எத்தனை சதவீதம் என்று எழுதுவது? விகிதம் 2இலிருந்து 5க்குப் போகுமென்றால் 150 சதவீத உயர்வு என்று தோன்றும். ஆனால் ஓர் ஆர்டரின் மதிப்பு 1,500இலிருந்து 1,200க்கு இறங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு கிளிக்கின் விற்பனை மதிப்பு 30 ரூபாயிலிருந்து 60க்குத்தான் போகிறது. அதாவது 100 சதவீத உயர்வு. 150 என்று எழுதினால் இயந்திரம் தேவைக்கு மேல் கொடுக்கத் துணியும். முதல்முறை நடத்தும் கடை இதையும் பாதியாக்கி எழுதுவதே விவேகம். ரோவாஸ் இலக்கையும் பழைய அளவிலேயே விடலாகாது. சாதாரண நாளில் 1,500க்கு 600 மிச்சம் என்பதால் 2.5 ரோவாஸிலேயே கைப்பிடித்தம் இல்லாமல் தப்பலாம். விற்பனை நாளில் 1,200க்கு 300தான் மிச்சம். 4 இருந்தால்தான் தப்ப முடியும். விற்பனை நாளில் தாராளமாக இருப்போம் என்று இலக்கைத் தாழ்த்துபவர்கள் இந்த எல்லையைக் கவனிப்பதில்லை.

வெள்ளி 150, சனி 60, ஞாயிறு 150 என்று 360 ஆர்டர் வந்துவிட்டதாகக் கொள்வோம். மிச்சம் 1,08,000. விளம்பரம் 50,000 போக 58,000. வழக்கமான மூன்று நாளுக்கு 21,000 வந்திருக்கும். ஆக 37,000 ரூபாய் கூடுதல். பெரும்பாலான கடைகளின் கணக்கு இந்த வரியோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் அது விற்பனைக்கு நான்கு நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விலை குறையும் என்று அறிந்தவர் செவ்வாய்க்கிழமை ஏன் வாங்குவார்? அறிவிப்பு வெளியானதும் நாளுக்கு 20 ஆர்டர் 14 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆர்டர் வீதம் தினமும் 3,600 ரூபாய், நான்கு நாளில் 14,400 ரூபாய் குறைகிறது. விற்பனைக்குப் பின் வருவது இன்னும் பெரியது. அடுத்த மாதம் விரிப்பு வாங்க இருந்தவர் இந்த மாதமே வாங்கிவிட்டார். ஒன்று வாங்க வேண்டியவர் இரண்டாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஹரால்ட் வான் ஹேர்டே உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் டூனா மீன் டப்பா, கழிவறைக் காகிதம் ஆகிய இரு பொருட்களின் கடை விற்பனைத் தரவை வைத்து, தள்ளுபடிக்கு முன்னும் பின்னும் வரும் இந்தப் பள்ளத்தை அளந்தார்கள். தள்ளுபடியால் கிடைத்த கூடுதல் விற்பனையில் 4 முதல் 25 சதவீதம் வரை இப்படிக் கழிகிறது என்று மதிப்பிட்டார்கள். வரைபடத்தைக் கண்ணால் பார்த்தால் அந்தப் பள்ளம் எளிதில் தெரியாது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட புதிரே. முன்கூட்டியே முரசறைந்து, பல ஆண்டு உழைக்கும் பொருளை விற்கும்போது பள்ளம் இதைவிட ஆழமாகவும் இருக்கலாம். அதனால் நம் கற்பனைக் கடைக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கழியும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இந்தப் பள்ளத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, மேலே சொன்ன மக்கள் தேவை. அதைப் பெரிதாக மாற்ற முடியாது. மற்றது இயந்திரம் தோண்டுவது. அதைத் தடுக்க முடியும். நூற்றுக்கு ஐந்து பேர் வாங்கிய மூன்று நாளின் நினைவோடு இயந்திரம் திங்கட்கிழமையில் நுழைகிறது. மக்களோ நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட வாங்கும் மனநிலையில் இல்லை. ஆகவே ஓரிரு நாள் அதிக விலைக்கு ஏலம் கேட்டுப் பணத்தை விடும். பிறகு இலக்கு தவறியதை உணர்ந்து அளவுக்கு மீறிப் பின்வாங்கும். ஏலம் குறையும், ஆட்கள் வருவது குறையும், ஆர்டர் குறையும், அதைப் பார்த்து ஏலம் இன்னும் குறையும். பதறிய கடைக்காரர் இடையில் இலக்கையும் பட்ஜெட்டையும் மாற்றி மாற்றி வைத்தால் மெட்டாவின் கற்கும் நிலை மறுபடி தொடங்கும். இதை அடையாளம் காணும் வழி எளிது. கிளிக் விலை உயர்ந்தும் வாங்குவோர் குறைந்தும் இருந்தால் இயந்திரம் இன்னும் விற்பனை மயக்கத்தில் இருக்கிறது. கிளிக் விலை சாதாரணமாக இருந்து, விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையே சரிந்திருந்தால் அது பின்வாங்கிவிட்டது.

எதுவும் செய்யாமல் விட்ட கடையில் பத்து நாளுக்குத் தினமும் 5,000 செலவழித்து 12 ஆர்டர் வருகிறது என்று கொள்வோம். மிச்சம் 7,200, செலவு போக 2,200. வழக்கமான 7,000 ரூபாயைவிட 4,800 குறைவு. பத்து நாளில் 48,000. விற்பனையில் கிடைத்த 37,000 ரூபாயிலிருந்து முன்பள்ளம் 14,400, பின்பள்ளம் 48,000 இரண்டையும் கழித்தால் 25,400 ரூபாய் நட்டம். வெற்றி என்று கொண்டாடிய விற்பனை, நடத்தாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

பாதுகாப்பை விற்பனைக்கு முன்பே கட்டி வைக்க வேண்டும். முதலாவது, திங்கள் முதல் நான்கைந்து நாளுக்கு இன்னொரு பருவத் திருத்தம். இம்முறை எதிர்மறையாக, விகிதம் 30 சதவீதம் குறையும் என்று. வெள்ளியன்று தயங்காதே என்று சொன்ன அதே வசதி, திங்களன்று அவசரப்படாதே என்று சொல்கிறது. தரவு விலக்கு என்ற பெயரில் இன்னொரு வசதி இருப்பதைப் பார்த்து, விற்பனை நாட்களையே இயந்திரத்தின் நினைவிலிருந்து அழித்துவிடச் சிலருக்குத் தோன்றும். ஆர்டர் கணக்கிடும் நிரல் பழுதான நாட்களுக்கு ஏற்பட்டது அது. விற்பனைக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, தினசரி 5,000 ரூபாயை 3,000 ஆக இறக்குவது. தேவையே இல்லாத வாரத்தில் முழுத்தொகையைச் செலவழிப்பதில் பொருளில்லை. கடையின் பெயரையோ பொருளின் பெயரையோ நேரடியாகத் தேடுபவர்களுக்கான விளம்பரம் மட்டும் முழுமையாக ஓடட்டும். புதியவர்களைத் தேடும் விளம்பரத்தைத்தான் குறைக்க வேண்டும். நின்றுவிடாமல் மெல்ல ஓடுவது முக்கியம். முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினால் இயந்திரம் முதலிலிருந்து கற்கும். பத்தாம் நாளுக்குள் படிப்படியாகப் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது, 360 பேரின் பட்டியல். இவர்களை விரிப்பு விளம்பரத்திலிருந்து உடனே விலக்க வேண்டும். நேற்று வாங்கியவருக்கு இன்று அதே விரிப்பை 1,500 என்று காட்டினால் பரவாயில்லை, மகிழ்வார். இன்னும் குறைந்த விலையில் காட்டினால் திருப்பி அனுப்புவார். ஒரு வாரம் கழித்து அவர்களில் சம்மதம் கொடுத்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில், வாங்கிய நிறத்துக்குப் பொருந்தும் தலையணை உறையோ மெல்லிய போர்வையோ முழு விலையில் காட்டலாம். விரிப்பின் தேவை தீர்ந்திருக்கிறது, அதனோடு சேரும் பொருளின் தேவை தீரவில்லை. மீண்டும் தள்ளுபடி கொடுத்துப் பள்ளத்தை நிரப்ப முயல்வது மட்டும் கூடாது. அது அடுத்த மாதத்தின் ஆர்டரையும் இந்த மாதத்துக்கு இழுத்துவிடும். முழு விலையில் வாங்கவே தேவையில்லை என்பதை வாடிக்கையாளர் கற்றுக்கொள்வார்.

இப்படிச் செய்த கடையில் விளம்பரம் வழியாக 10 ஆர்டர், பழைய வாடிக்கையாளர் வழியாக அதே மிச்சம் தரும் 4 ஆர்டர் என்று தினமும் 14 வருவதாகக் கொண்டால், மிச்சம் 8,400; செலவு 3,000 போக 5,400. வழக்கத்தைவிட 1,600 குறைவு. பத்து நாளில் 16,000. 37,000இல் முன்பள்ளம் 14,400, பின்பள்ளம் 16,000 போக 6,600 ரூபாய் ஆதாயம். கூடவே சில நூறு புது வாடிக்கையாளர்கள், காலியான கிடங்கு. தொகை சிறியதுதான். ஆனால் அதே தள்ளுபடி, அதே 360 ஆர்டர், அதே கடிகாரம். பின்பள்ளத்தைக் கையாண்ட விதம் மட்டுமே 32,000 ரூபாய் வித்தியாசத்தைக் கொடுத்திருக்கிறது.

இந்தப் பதினேழு நாள் கணக்கையும் பதினேழாம் நாளே மூடிவிட முடியாது. அவசரத்தில் வாங்கியவர்களில், குறிப்பாகப் பொருள் வந்ததும் பணம் தருவதாகச் சொன்னவர்களில், சிலர் பார்சலை வாங்க மறுப்பார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைக்க வேண்டிய 300 ரூபாய் போவதோடு, போக வரக் கூரியர் 120 என்று வைத்தாலும் மொத்தம் 420 போகும். வழக்கத்தைவிடக் கூடுதலாக 20 பெட்டி திரும்பி வந்தால் 8,400 ரூபாய். மேலே சொன்ன 6,600 ஆதாயம் முழுவதும் அதிலேயே மூழ்கிவிடும். விற்பனை நாட்களில் முன்பணம் செலுத்துபவர்களுக்கு மட்டும் தள்ளுபடி என்று வைக்கும் கடைகள் ஆர்டரில் கொஞ்சம் இழக்கும், ஆனால் இந்த இழப்பிலிருந்து தப்பும். மற்றவர்கள் கடைசிப் பார்சல் திரும்பி வரும்வரை லாபம் எவ்வளவு என்று சொல்ல முடியாது.